இரண்டு சென்டிமீட்டரில் மாறிய முடிவு: எடை குறைந்த ஒரு 11 மாதக் குழந்தை

நர்சிங் படிப்பின் சமூகப் பயிற்சிக்காக எட்டு வாரம் ஒரு குடியிருப்பில் வீடு வீடாகப் போய்வந்தோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அளந்து பதிவு செய்வது முதல் வார வேலை. அதில் நான் பார்த்த ஓர் ஆண் குழந்தையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவனை முதலில் தவறாக வகைப்படுத்தியது நான்தான். அந்தத் தவறு எப்படி நடந்தது, எதை வைத்துப் பிடிபட்டது, அதன் பிறகு உணவு ஆலோசனை எப்படி மாறியது என்பதெல்லாம் இனி பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் அளவீடு

"ஒரு வயசு ஆகுதுங்க" என்றார் அம்மா. குழந்தை விளையாடிக்கொண்டிருந்தான், அழவில்லை, காய்ச்சல் இல்லை. சட்டையும் டயப்பரும் போட்டபடியே எடை பார்த்தேன்: 7.4 கிலோ. நீளம் பார்க்கும் பலகையை அன்று வேறு குழு எடுத்துப் போயிருந்தது. அதனால் பாயில் படுக்க வைத்து, தலையிலும் காலிலும் கோடு போட்டு, டேப்பால் அளந்தேன்: 69 செ.மீ.

இந்த இரண்டு எண்களையும் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் வைத்துப் பார்த்தேன். அட்டவணையில் நடுக்கோடு ஒன்றும், அதற்குக் கீழே −1, −2, −3 என்று திட்டவிலக்கக் கோடுகளும் இருக்கும். −2-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டிய குறைவு. −3-க்குக் கீழே போனால் தீவிரக் குறைவு. 12 மாத ஆண் குழந்தைக்கு நீளத்தின் −2 கோடு 71.0 செ.மீ. இவன் 69, ஆகவே வயதுக்கேற்ற நீளம் இல்லை, வளர்ச்சி குன்றியவன். 69 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தைக்கு எடையின் −2 கோடு 7.0 கிலோ. இவன் 7.4, ஆகவே நீளத்துக்கேற்ற எடை இருக்கிறது, மெலிவு இல்லை. "நீண்டநாள் குறைபாடு, இப்போது மெலிவு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக எழுந்தேன்.

என்னை நிறுத்தியது கையளவுப் பட்டை. இடது மேற்கையின் நடுச் சுற்றளவு 121 மி.மீ. வந்திருந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 125 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மிதமான மெலிவு, 115-க்குக் கீழே இருந்தால் தீவிர மெலிவு. நீளத்துக்கேற்ற எடை சரி என்கிறது, கையளவு மெலிவு என்கிறது. இந்த இரண்டு அளவும் எல்லாக் குழந்தைகளிடமும் ஒத்துப்போவதில்லை, அது தெரிந்த விஷயம்தான். சிறிய குழந்தைகளைக் கையளவு அதிகமாகப் பிடிக்கும், நீளமான குழந்தைகளைத் தராசு அதிகமாகப் பிடிக்கும். ஆனாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் அளவீட்டைத்தான். எங்கள் ஆசிரியை குறிப்பேட்டைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "நீளத்தை எத்தனை பேர் சேர்ந்து அளந்தீங்க?" நான் தனியாகத்தான் அளந்திருந்தேன்.

மறு அளவீடு

மறுநாள் பலகையோடு மூன்று பேர் போனோம். இந்த முறை முதலில் வயதைச் சரிபார்த்தோம். தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதி இருந்தது. கணக்குப் போட்டால் 11 மாதம் 5 நாள். அட்டவணையில் முடிந்த மாதத்தைத்தான் எடுக்க வேண்டும், எனவே 11. ஒரு மாத வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். ஆனால் 11 மாதத்துக்கு நீளத்தின் −2 கோடு 69.9, 12 மாதத்துக்கு 71.0. ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் இடிக்கிறது. அட்டை இல்லாத வீடுகளில் பண்டிகை, மழைக்காலம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறப்பு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து மாதத்தை நெருங்க வேண்டியிருக்கும். அப்படிக் கிடைத்த வயதுக்குப் பக்கத்தில் "உத்தேசம்" என்று எழுதிவிடுவது நல்லது.

தராசை முதலில் சோதித்தோம். இரண்டு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. காலிக் கேனை வைத்துத் தராசைச் சுழியாக்கி, தண்ணீர் ஊற்றி, காட்டும் எடை சரிதானா என்று பார்த்தோம். அப்புறம் குழந்தையின் துணிகளையெல்லாம் கழற்றி எடை எடுத்தோம். 7.10 கிலோ. நேற்றைய 7.4-இல் 300 கிராம் நனைந்த டயப்பரும் சட்டையும்தான்.

நீளத்துக்கு வந்தோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, உச்சந்தலை பலகையைத் தொடும்படியும் கண்கள் நேர் மேலே பார்க்கும்படியும் தலையைப் பிடித்தார். அம்மா பக்கத்தில் குனிந்து பேச்சுக் கொடுத்தார். நான் ஒரு கையால் இரண்டு முழங்காலையும் மெதுவாக அழுத்தி, மறுகையால் கால் பலகையை நகர்த்தி, பாதம் செங்குத்தாகப் படிந்ததும் படித்தேன். 71.1. குழந்தையைத் தூக்கிவிட்டு மறுபடி படுக்க வைத்து, இன்னொருவர் படித்தார். 70.9. இரண்டு அளவுக்கும் 0.7 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அளக்க வேண்டும். இங்கே 0.2 தான். சராசரி 71.0 செ.மீ.

பாயில் 69, பலகையில் 71. இந்த வயதுக் குழந்தை காலை நீட்டி வைக்காது, முழங்காலை மடக்கும். பாயில் மடங்கிய அந்த முழங்கால்தான் என் இரண்டு சென்டிமீட்டர்.

இப்போது அட்டவணையை மறுபடி திறந்தோம். 11 மாதத்துக்கு நீளத்தின் −2 கோடு 69.9. இவன் 71.0, வளர்ச்சி குன்றவில்லை. 71 செ.மீ. ஆண் குழந்தைக்கு எடையின் −2 கோடு 7.4, −3 கோடு 6.8. இவன் 7.1, இரண்டுக்கும் நடுவில். ஆக இது மிதமான மெலிவு. வயதுக்கேற்ற எடையிலும் −2 கோடு 7.6, −3 கோடு 6.8. அங்கேயும் குறைவு. கையளவு மறுபடி 121.

முந்தைய நாள் எழுதியதற்கு நேர் எதிரான முடிவு இது. மடங்கிய கால் நீளத்தைக் குறைத்தது, துணி எடையைக் கூட்டியது. இரண்டும் ஒரே திசையில் இழுத்து மெலிவை மறைத்துவிட்டன. நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நீளம் குன்றியிருப்பது பல மாதங்களில் நடந்து முடிந்த கதை, அது மெதுவாகத்தான் நகரும். மெலிவு இப்போது நடந்துகொண்டிருப்பது. அதற்கு இந்த வாரமே ஏதாவது செய்ய வேண்டும், இரண்டு வாரத்தில் பலன் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு பாதத்தின் மேற்பக்கத்தையும் கட்டைவிரலால் மூன்று வினாடி அழுத்திப் பார்த்தோம். குழி விழவில்லை. இரண்டு காலிலும் குழி விழுந்திருந்தால் எடை எவ்வளவு இருந்தாலும் அது தீவிர ஊட்டக்குறைவு, உடனே அனுப்பியாக வேண்டும். அந்த வீக்கத்தில் இருக்கும் நீர் எடையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும் என்பதால்தான் தராசை நம்பாமல் விரலை நம்புகிறோம்.

எப்போது சறுக்கியது

தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் பழைய எடைகள் எழுதியிருந்தன. பிறப்பில் 2.9, மூன்று மாதத்தில் 5.7, ஆறு மாதத்தில் 7.0, ஒன்பது மாதத்தில் 7.3. இவற்றை வரைபடத்தில் புள்ளி வைத்துச் சேர்த்தபோது அறையில் இருந்த எல்லோருக்கும் கதை புரிந்தது. ஆறு மாதம் வரை குழந்தை −1 கோட்டை ஒட்டியே வந்திருக்கிறான். தாய்ப்பால் மட்டும் கொடுத்த காலம் அது. அதே கோட்டில் போயிருந்தால் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் 900 கிராம் கூடியிருக்க வேண்டும், கூடியது 300. அதன் பிறகு 200 கிராம் இறங்கியிருக்கிறான்.

"சின்ன உடம்பு, எங்க வீட்டு வாகு" என்று பாட்டி சொன்னார். வாகு என்றால் கோடு ஒட்டியே போகும், கீழே வெட்டிக்கொண்டு இறங்காது. பாட்டியிடம் அதைச் சொல்லாமல் வரைபடத்தைத்தான் காட்டினேன். அவரே விரலை வைத்து, "இங்க வரைக்கும் சரியா வந்திருக்கான், இங்கதான் படுத்துட்டான்" என்றார்.

ஆறு மாதத்தில் என்ன நடந்தது? அம்மா வேலைக்குத் திரும்பினார், பகலில் பாட்டி பார்த்துக்கொள்கிறார். பத்தாவது மாதத்தில் எட்டு நாள் வயிற்றுப்போக்கு. அப்போது திட உணவை நிறுத்திவிட்டார்கள். போக்கு நின்று இரண்டு வாரமாகியும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. வாய், கண் ஈரமாகவும் தோல் இழுத்தால் உடனே படியும்படியும் இருந்ததால், இந்த எடைக்குறைவு நீரிழப்பால் வந்ததல்ல என்று எடுத்துக்கொண்டோம். உள்ளங்கை கொஞ்சம் வெளிறியிருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட மெலிந்த குழந்தை என்பதால் மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் ரத்தச்சோகைக்கு மருந்து தொடங்கினார். வேறு நோய் எதுவும் தெரியவில்லை, வீட்டிலேயே உணவைச் சரிசெய்து பார்க்கலாம் என்றார்.

24 மணி நேரம் என்ன சாப்பிட்டான்

"என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டால் "எல்லாம் கொடுக்கிறோம்" என்றுதான் பதில் வரும். அதனால் நேற்று காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை வரிசையாகக் கேட்டோம். அவர்கள் பயன்படுத்தும் அதே கிண்ணத்தையும் கரண்டியையும் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றி அளந்தோம். கிண்ணம் 100 மி.லி. பிடித்தது.

காலையும் இரவும் ஒரு கிண்ணம் மாவுக் கஞ்சி. பத்து கிராம் அளவு மாவு, மீதி தண்ணீர். ஒரு கிண்ணத்துக்குச் சுமார் 35 கலோரி. மதியம் தண்ணீர் விட்டுக் கரைத்த சோறு நாலைந்து கரண்டி, அது 40 கலோரி இருக்கும். மாலையில் இரண்டு சின்ன பிஸ்கட், இன்னொரு 40. எல்லாம் சேர்த்து 150 கலோரி. தாய்ப்பால் சராசரியாகக் குடிக்கும் 9–11 மாதக் குழந்தைக்கு உணவிலிருந்து சுமார் 300 கலோரி வர வேண்டும். இவனுக்குக் கிடைப்பது பாதி. இதெல்லாம் தோராயக் கணக்குதான். தாய்ப்பால் எவ்வளவு போகிறது என்று யாராலும் வீட்டில் அளக்க முடியாது. ஆனால் பாதிதான் போகிறது என்னும் அளவுக்குப் பெரிய இடைவெளியைத் தோராயமே காட்டிவிடும்.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி: "கிண்ணம் நிறையத்தானே குடிக்கிறான்?" குடிக்கிறான், வயிறும் நிறைகிறது. இந்த வயதில் வயிறு ஒரு நேரத்தில் பிடிப்பது கிலோவுக்கு 30 மி.லி. கணக்கில், இவனுக்கு 210 மி.லி. போல. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு இடமில்லை. கஞ்சியில் மி.லி.க்குக் குறைந்தது 0.8 கலோரியாவது இருக்க வேண்டும். இவன் கஞ்சியில் 0.35 தான் இருந்தது. அளவைக் கூட்டச் சொல்வதைவிடக் கெட்டியாக்கச் சொல்வதுதான் இங்கே மருந்து.

என்ன சொன்னோம், எதைச் சொல்லாமல் விட்டோம்

எங்கள் கையில் பத்துப் பன்னிரண்டு அறிவுரைகள் கொண்ட அட்டை இருந்தது. அதை அப்படியே வாசித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மூன்றை மட்டும் எடுத்தோம். அதற்கு முன்னால், வேலைக்குப் போய்வந்தும் இரவில் தாய்ப்பால் விடாமல் கொடுப்பதைச் சொல்லிப் பாராட்டினோம். அது உண்மையாகவே அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

முதலாவது, கஞ்சி தண்ணீராக ஓடக்கூடாது, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாகச் சரியும் அளவுக்கு இருக்க வேண்டும். 25 கிராம் மாவுக்கு, வெந்து வரும்போது 125 மி.லி. கஞ்சி. இரண்டாவது, கஞ்சியிலும் மதியச் சோற்றிலும் ஒவ்வொரு டீஸ்பூன் எண்ணெய். ஒரு டீஸ்பூனில் 40 கலோரி இருக்கிறது, வயிற்றில் இடமே பிடிக்காது. சோற்றோடு மசித்த பருப்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது முட்டை. மூன்றாவது, பிஸ்கட்டுக்குப் பதிலாக மசித்த பழம், அதை அவனுக்கென்று தனிக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவது. இவற்றைக் கூட்டினால் 450 கலோரி வரும். மீதி வைப்பதைக் கழித்தால் 400. தேவைக்கு மேல் 100 கலோரி கிடைத்தாலே போதும். ஒரு கிராம் உடல் எடை கூட ஏறக்குறைய 5 கலோரி ஆகும், ஆக நாளுக்கு 20 கிராம் எதிர்பார்க்கலாம்.

நாங்களே அங்கே கஞ்சி காய்ச்சிக் காட்டினோம். அம்மாவைத் திரும்பச் சொல்லச் சொன்னோம், தப்பில்லாமல் சொன்னார்.

இரண்டாவது வாரம்

எடை 7.15. ஐம்பது கிராம். குழந்தை ஒரு தடவை சிறுநீர் போனாலே மாறக்கூடிய அளவு அது, கூடியதாகவே கொள்ள முடியாது. எனக்கு மனசு உடைந்துபோயிற்று. ஆசிரியை சொன்னபடி கேள்வி கேட்காமல், கஞ்சி காய்ச்சும் நேரத்துக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்தேன்.

பாட்டி நாங்கள் சொன்னபடியே கெட்டியாகக் காய்ச்சினார். ஊட்டும் முன் அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கலக்கினார். "கெட்டியா இருந்தா விக்கிக்கும் கண்ணு. நேத்துகூடத் துப்பிட்டான்." எண்ணெய் மட்டும் சேர்த்திருந்தார். நான் அம்மாவிடம் விளக்கினேன், ஊட்டுவதோ பாட்டி. ஊட்டுகிறவரின் பயத்தை நாங்கள் கேட்கவே இல்லை. இது திட்டத்தில் இருந்த ஓட்டை, பாட்டியின் பிடிவாதம் இல்லை.

பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதைவிட, மாவைக் குறைக்காமல் கஞ்சியை இளக்க ஒரு வழி இருந்தது: முளைகட்டி, உலர்த்தி, அரைத்த தானிய மாவு. முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்னும் நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துவிடும். கெட்டிக் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் அந்த மாவில் அரை டீஸ்பூன் கலந்து சில நிமிடம் விட்டால், தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகிவிடும். கலோரி அப்படியே இருக்கும். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் நொதி செத்துவிடும், இளகாது. இளகிய பின் ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும், ஏனென்றால் முளைகட்டிய மாவில் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. பாட்டி ஒரே கஞ்சியை இரண்டு கிண்ணமாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் அந்த மாவைப் போட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகியது. அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று குழந்தை கிண்ணத்தைக் காலி செய்தான், துப்பவில்லை.

இன்னொரு சிக்கலும் அங்கேதான் தெரிந்தது. நாங்கள் செய்து காட்டியது எங்கள் கரண்டியில். அவர்கள் வீட்டுக் கரண்டி அதில் பாதி. கிராமும் மி.லி.யும் நம் குறிப்பேட்டுக்குத்தான் சரி. அவர்கள் கரண்டியால் மாவை எண்ணி, அவர்கள் கிண்ணத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தோம்.

இதே இரண்டு மாற்றத்தைத்தான் பக்கத்து வீட்டு அம்மாக்களுக்கான கூட்டத்திலும் செய்தோம். இந்தக் குழந்தையின் பெயரை எடுக்கவில்லை. எல்லோரையும் தங்கள் கிண்ணம், கரண்டி, பாட்டி மூன்றோடும் வரச் சொன்னோம். ஒவ்வொருவரும் வழக்கமாகக் காய்ச்சும் பதத்தில் காய்ச்சி, கரண்டியைச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒன்பது கிண்ணத்தில் ஏழு தண்ணீராக ஓடியது. நோய் வந்தால் என்ன செய்வது என்பதை அங்கே கூடுதலாகச் சொன்னோம்: வயிற்றுப்போக்கிலும் உணவை நிறுத்தக்கூடாது, சரியான பிறகு இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதல்.

ஆறாவது வாரம்

நான்காவது வாரம் 7.35. ஆறாவது வாரம் 7.6 கிலோ, நீளம் 72.0, கையளவு 124. இரண்டாவது வாரத்திலிருந்து கணக்கிட்டால் நாளுக்கு 16 கிராம். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் கோடு கீழே போவது நின்று மேலே திரும்பிவிட்டது.

குணமாகிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. 72 செ.மீ.க்கு −2 கோடு சரியாக 7.6. அவன் கோட்டின் மேலேயே நிற்கிறான், கையளவோ 125-ஐ இன்னும் தொடவில்லை. ஓர் அளவில் கோட்டைத் தொட்டதும் விட்டுவிட்டால் அடுத்த வயிற்றுப்போக்கில் மறுபடி கீழே போவான். நீளத்துக்கேற்ற எடை −2-க்குக் குறையாமலும், கையளவு 125-க்குக் குறையாமலும், அடுத்தடுத்த இரண்டு வருகையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதற்குள் எங்கள் பயிற்சி முடிகிறது.

ஒப்படைப்புத் தாளில் நான்கு வரிதான் எழுதினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துணியில்லாமல் எடை. மாதம் ஒருமுறை பலகையில், இருவராக நீளம். எடை இரண்டு தடவை தொடர்ந்து கூடாவிட்டாலோ கையளவு 115-க்குக் கீழ் வந்தாலோ கால் வீங்கினாலோ குழந்தை சாப்பிட மறுத்தாலோ காத்திராமல் மருத்துவரிடம். எதைச் சொன்னாலும் பாட்டியிடமும் சொல்லுங்கள். 12 மாதம் முடிந்துவிட்டதால் இனி உணவிலிருந்து வர வேண்டியது சுமார் 550 கலோரி. அதனால் கிளம்பும் நாளில் அந்தக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, 200 மி.லி. பிடிக்கும் வேறு கிண்ணத்தை எடுத்துப் பாட்டியே புதுக் கோடு போட்டார்.